முதலெழுத்தாகிப் போன தம்பி

கனடாவில் இருக்கும் தம்பிக்கு நான் முதன்முதலாகப் பணம் அனுப்பியபோது அது திரும்பி வந்துவிட்டது. இப்படிச் சொன்னால் சாதாரண விஷயமாகத்தான் தெரியும். யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பவானிபூர் வீட்டில் அதனால் நேர்ந்ததை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தாலே அம்மாவின் முகம் மாறிவிடும்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா ரயில்வேயில் வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். ஓய்வுக்குப் பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. நான் மூத்தவள், துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். இங்கே பிறந்து, காளிகாட்டில் படித்து, தமிழைவிட நன்றாக வங்காளம் பேசுவான். எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் வின்னிபெக் என்ற ஊரில், இறைச்சியைக் குளிரில் வைத்துப் பதப்படுத்தும் ஒரு கிடங்கில் சேர்ந்திருந்தான். அப்பா இறந்தபோது அவனால் வர முடியவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே நுழைய முடியுமா என்று தெரியாது. என் போனை உயர்த்திப் பிடித்து, கேவடாதலா சுடுகாட்டில் நடந்ததை எல்லாம் அவனுக்குக் காட்டினேன். திரையில் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள் காலையில் அவனிடமிருந்து செய்தி வந்தது. கிடங்கில் கையில் அடிபட்டுவிட்டது, தையல் போட்டிருக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை, ஈட்டுத்தொகை வருவதற்கு நாளாகும், வாடகைக்குக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தான். கீழே வங்கி விவரம். அவன் என்னிடம் பணம் கேட்டதே இல்லை. நான் உடனே பதில் எழுதினேன். அதைப் படித்ததற்கான அடையாளம் வரவில்லை. கூப்பிட்டேன், மணி போகவில்லை. கை வலியில் தூங்குகிறான் என்று அம்மாவுக்குச் சொன்னேன்.

அன்றே மதியம் நெட் பேங்கிங்கில் உட்கார்ந்தேன். வெளிநாட்டுப் பணம் என்றால் உள்ளூருக்கு அனுப்புவதுபோல் இல்லை. பெறுபவரின் பெயர், முகவரி, கணக்கு எண், அவர் வங்கியின் ஸ்விஃப்ட் கோடு, அதோடு அந்த நாட்டு வழக்கப்படி கிளைக்கான எண். பிறகு எதற்காக அனுப்புகிறோம் என்ற காரணம். நெருங்கிய உறவினரின் பராமரிப்பு என்று தேர்ந்தெடுத்தேன். இந்த வருடம் வேறு எங்கெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று ஓர் உறுதிமொழி. பெயர் கேட்ட கட்டத்தில் தம்பியின் பெயரையும் அதன் முன்னால் அப்பாவின் முதலெழுத்தையும் போட்டேன். அவன் பள்ளிச் சான்றிதழில் இருப்பது அப்படித்தான். அவன் செய்தியிலும் அப்படித்தான் எழுதியிருந்தான். கணக்கிலிருந்து பணம் போனது. அம்மாவிடம் போய்ச் சேரும் என்றேன்.

சில நாள் கழித்து, பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது போனில் குறுஞ்செய்தி. பணம் என் கணக்குக்கே திரும்பி வந்திருந்தது. அனுப்பியதைவிடக் குறைவாக. வழியில் இருந்த வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை அன்றைய விலையில் ரூபாயாக மாற்றியிருந்தார்கள். அந்த நஷ்டம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இத்தனை நாளில் தம்பி ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை என்பதுதான் உறைத்தது.

மறுநாள் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வங்கிக்குப் போனேன். எங்கள் கிளையில் அந்நியச் செலாவணி பார்ப்பவர் ஓர் இளம் வங்காளிப் பெண்மணி. அவர் கணினியில் தேடி, அங்கிருந்து வந்த செய்தியை எனக்குக் காட்டினார். ஒரே வரி. பெறுபவரின் பெயர் கணக்கோடு பொருந்தவில்லை.

கிளை எண் தவறாக இருந்தாலும் இப்படி வரலாம் என்றார் அவர். அந்த நாட்டில் சில வங்கிகளில் ஒரே கணக்கு எண் இரண்டு கிளைகளில் இருக்குமாம்; எண் ஒன்று மாறினால் பணம் வேறு கிளையில் வேறு யாருடைய கணக்கையோ போய்த் தட்டும், பெயர் பார்த்துத் திருப்பிவிடுவார்கள். இருவரும் சேர்ந்து தம்பியின் செய்தியில் இருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டோம். பிறகு அந்த வங்கியின் இணையதளத்தில் தேடினார். கிளை வின்னிபெக்தான். சரியாக இருந்தது.

"அப்படின்னா பேர்தான் மேடம். இந்த அக்கவுண்ட் இருக்கு. ஆனா இந்தப் பேர்ல ஆள் இல்லை" என்று ஆங்கிலமும் வங்காளமுமாகச் சொன்னார்.

அவர் சொன்னது கணக்கைப் பற்றித்தான். இருந்தாலும் ஜதுபாபு பஜார் வழியாக நடந்து வரும்போது அந்தக் கடைசி வாக்கியம் கூடவே வந்தது. இந்தப் பெயரில் ஆள் இல்லை. முள்ளங்கியும் காலிஃபிளவரும் குவித்து வைத்திருந்த கடைகளுக்கு நடுவில், நான் சத்தமாகவே தம்பியின் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய அழைப்புகளைத் தேடினேன். அந்த வருடத் துர்கா பூஜை சமயத்தில் தம்பி ஒரு தடவை வேறொரு எண்ணிலிருந்து பேசியிருந்தான். கூடத் தங்கியிருப்பவருடைய போன் என்று சொல்லியிருந்தான். அடுத்த நாள் காலை, அங்கே முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டு நேரமாக இருக்கும் என்று கணக்குப் பண்ணி, அந்த எண்ணைக் கூப்பிட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்காகப் பின்னால் நான் வருத்தப்பட்டேன்.

எடுத்தவர் வங்காளத்தில் பேசினார். சில்ஹெட் பக்கத்து வங்காளம், பாதி புரிந்தது. நான் கல்கத்தாவிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, தம்பியின் பெயரைச் சொல்லி, அவன் இருக்கிறானா என்று கேட்டேன்.

அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்றார்.

நான் வயது சொன்னேன். கிடங்கில் வேலை, கையில் அடிபட்டது, மதராஸிக்காரன், வங்காளம் பேசுவான் என்று சொன்னேன். அப்போது அவர், "ஓ, அவரா?" என்று சொல்லி ஒரு பெயரைச் சொன்னார். அது என் அப்பாவின் பெயர்.

சுருக்கியோ கொச்சையாகவோ இல்லை. முழுப் பெயர், கூடவே மரியாதைக்கு, நம் 'அண்ணா' போல, ஒரு 'தாதா'. அப்பாவின் பெயரை இங்கே அலுவலகத்தில் ஒருவரும் சரியாக உச்சரித்ததில்லை. ஏதோ ஒரு மனிதர் பனிக்குள்ளிருந்து அதைத் தப்பில்லாமல் சொன்னார். அம்மாவின் கை கீரைக் கட்டின் மேல் அப்படியே நின்றது.

அவர் மேலும் பேசிக்கொண்டே போனார். தாதாவுக்குக் காய்ச்சல் இருந்தது, கைக்காயம் சீழ் பிடித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு நேற்றுத்தான் அனுப்பினார்கள். இப்போது பரவாயில்லை. பேச்சு குறைவு. சமையலறையில் விளக்கைப் போடாமல் தேநீரோடு உட்கார்ந்திருப்பார். பனியனின் ஓரத்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். இந்தக் குளிருக்கு ராத்திரி எல்லாம் இருமல்.

அப்பா இறந்தது இருமலில்தான். எங்கள் இந்த அறையில்தான். நெஞ்சுச் சளியில் ஆரம்பித்து, கடைசி மாதங்களில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை முகம் துடைக்கும் துண்டாலோ வேட்டியாலோ துடைக்காமல் பனியன் ஓரத்தால்தான் துடைப்பார். அதற்காக அம்மா அவரைத் திட்டாத நாள் இல்லை. தம்பிக்குக் கண்ணாடி கிடையாது. நான் கடைசியாகப் பார்த்தபோது கிடையாது.

"நீங்க யாரு தீதி?" என்று அந்த மனிதர் கேட்டார்.

நான் என் முழுப்பெயரைச் சொன்னேன். எல்லாக் காகிதத்திலும் எனக்கு இருப்பது என் பெயரும், அதன் பின்னால் விரித்து எழுதிய அப்பாவின் பெயரும்தான். வாய் பழக்கத்தில் அப்படியே வந்தது. அந்தப் பக்கம் குரலில் ஒரு கனிவு.

"அப்போ நீங்க அவரோட மகளா?"

ஆமாம் என்றேன். அது பொய்யில்லை. தாதா குடும்பத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லமாட்டாரே என்று வியந்த அந்த மனிதர், எழுப்பிக் கூட்டி வரட்டுமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் அலுவலகத்தில் கேட்டால் என்னைப் பார்ப்பாள், நான் சொல்வேன். மரணச் சான்றிதழ் வாங்கும்போதுகூட, பெயர் என்ன மாஷிமா என்று கேட்ட ஊழியரிடம் விரலால் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அவள் காலத்துப் பெண்கள் பலருக்கும் அப்படித்தான். அன்று காலை அவள் போனைத் தரையில் தன் முன்னால் வைத்துக்கொண்டு, நாற்பது வருடம் காய்கறிக்காரர்களிடம் பேசிய வங்காளத்தில், அவரைக் கூப்பிடுங்கள் என்றாள். யாரை என்று அந்த மனிதர் கேட்டிருக்கத் தேவையில்லை. கேட்டார். அம்மா அந்தப் பெயரைச் சொன்னாள். மெதுவாக, நாக்குக்குப் பழக்கமில்லாததுபோல.

காலடிச் சத்தம் போயிற்று. ஒரு கதவு. அந்த மனிதர் யாரையோ அதே பெயர் சொல்லி எழுப்பினார். பிறகு இருமல் கேட்டது. இரண்டு சின்ன இருமல், ஓர் இடைவெளி. போனில் பேசுவதற்கு முன் அப்பா அப்படித்தான் தொண்டையைச் சரிசெய்வார்.

"ஆ... சொல்லு" என்றது குரல்.

தூக்கக் கலக்கத்தில் கரகரத்த ஆண்குரல். நானே ஒரு கணம் எழுந்து நின்றுவிட்டேன். அம்மா அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்க இருக்கீங்க?"

கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நான் குனிந்து, தம்பியை வீட்டில் கூப்பிடும் பெயரால் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். ஆழத்திலிருந்து எதையோ இழுத்து மேலே கொண்டுவருவதுபோல நேரம் எடுத்தது.

"அக்கா?" என்றான். அதன் பிறகுதான் அது தம்பியின் குரலாயிற்று.

அவன் அழவில்லை. களைத்திருந்தான். அவன் போனுக்கு மாதக் கட்டணம் கட்டாததால் இணைப்பைத் துண்டித்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் இருந்ததால் எதையும் பார்க்க முடியவில்லையாம். பணம் திரும்பி வந்ததைச் சொன்னேன். பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள் என்றேன். அங்கே உன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன்.

"என் பேர்லதான்" என்றான். பிறகு, "அப்பா பேர்ல" என்றான்.

விஷயம் அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுத்தபோது முதலெழுத்தை விரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நம் வழக்கப்படி முதலெழுத்து முன்னால்தானே வரும் என்று, அப்பாவின் பெயரை முதல் பெயருக்கான கட்டத்திலும் தன் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்திலும் எழுதிவிட்டான். அந்த ஊரில் மனிதரை அழைப்பது முதல் பெயரால். வங்கி, வேலையிடம், ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர், எல்லாருக்கும் அவன் அப்பாதான். கிடங்கில் சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டையில் முதல் பெயர் முழுதாகவும் குடும்பப் பெயர் ஓர் எழுத்தாகவும் இருக்குமாம். அப்பா முழுதாக இருந்தார். தம்பி முதலெழுத்தாகிப் போயிருந்தான். எனக்கு எழுதியபோது மட்டும் பழக்கத்தில் வீட்டு வழக்கப்படி எழுதிவிட்டிருக்கிறான்.

"திருத்தச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"முதல்ல ஒரு மாசம் திருத்தினேன். அப்புறம் விட்டுட்டேன். அக்கா, எனக்கு அப்பா செத்தது போன்ல பார்த்ததுதான். இங்க தினம் அவர் பேரைக் கூப்பிடறாங்க. கூப்பிட்டா நான் எழுந்து போறேன்."

கண்ணாடியைப் பற்றிக் கேட்டேன். போன வருடம் போட்டதாகச் சொன்னான். பனியனால் துடைப்பதைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கையில் அகப்பட்டதைக் கொண்டு எல்லாரும் துடைப்பார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கணக்கில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து மாறாமல் வேண்டும் என்றேன். வங்கி கொடுத்த படிவத்தையும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கூடத் தங்கியிருந்த அந்த மனிதர் போனில் படம் பிடித்து அனுப்பினார். அப்பாவின் பெயரில், அவர் கையெழுத்துப் போடும்போது மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. யாரோ ஒரு ஜோசியர் சொன்னது. அந்த எழுத்தும் அதில் இருந்தது.

மறுபடி வங்கிக்குப் போனேன். இந்தத் தடவை வீட்டிலிருந்தே செய்ய எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெண்மணி பழைய பெறுநரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கச் சொன்னார். நான் என் போனில் தட்டிக்கொண்டே பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் தன் திரையிலும் என் விவரங்களைத் திறந்து வைத்திருந்தார். பாதியில் அவர் என்னை நிறுத்தினார்.

"மேடம், உறவு 'சகோதரன்'னு போடறீங்க. இது உங்க அப்பா பேர் ஆச்சே."

என் கணக்கு முதலில் அப்பாவும் நானும் சேர்ந்து வைத்திருந்தது. அவர் பெயரை அதிலிருந்து எடுக்க, இதே மேசைக்குத்தான் வந்தேன். அவர் திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். அப்பாவின் பெயர், பக்கத்தில் இறந்தவர் என்ற குறிப்பு. என் கையில் இருந்த போனில் அதே பெயர், பக்கத்தில் வின்னிபெக் முகவரி. அவர் சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். நான் தம்பியின் பாஸ்போர்ட் படத்தைக் காட்டினேன். அதில் பெற்றோர் பெயர் இருக்கும் பக்கத்தையும் கேட்டு வாங்கி அனுப்பச் சொன்னார். யாராவது கேட்டால் உறவைக் காட்ட உதவும் என்றார். அதை அவர் விதிக்காகக் கேட்டாரா, தன் மனச் சமாதானத்துக்காகக் கேட்டாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அன்று மாலைக்குள் அதுவும் வந்தது. அந்தப் பக்கத்தில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் மறுபடியும் அதே பெயர். தனக்குத்தானே தகப்பன் மாதிரி இருந்தான் தம்பி.

இந்த முறை பணம் திரும்பி வரவில்லை. போய்ச் சேர்ந்த செய்தி வந்ததும் அவன் போன் கட்டணத்தையும் வாடகையையும் கட்டினான். கைக்காயம் ஆறியது. ஈட்டுத்தொகை வர நாளானதால் இன்னும் இரண்டு மாதம் அனுப்பினேன். பெறுநர் பட்டியலைத் திறந்தால் அப்பாவின் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கேட்கும். முதல் தடவை விரல் தயங்கியது. அடுத்த தடவை தயங்கவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

போன் சரியானதும் தம்பி படத்தோடு பேசினான். தாடியில் நரை. கண்ணாடி. அம்மா திரையை மிக அருகில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பெயரை மாற்ற விண்ணப்பிக்கட்டுமா என்று அவன் அன்று கேட்டான். பாஸ்போர்ட்டில் மாற்றினால் விசா, வங்கி, வேலை, எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் செய்யலாம் என்றான். நான் செய்துவிடு என்றேன். அம்மா வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள்தான் கூப்பிடுகிறாள். நான் சமையலறையில் இருப்பேன். போன மாதம் ஒரு நாள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் காது கொடுத்தேன். தம்பி பிறந்ததிலிருந்து அவள் அவனிடம் 'நீ' என்றுதான் பேசியிருக்கிறாள்.

"மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். "குளிர்ல வெளிய நிக்காதீங்க."

அவன் திருத்துவான் என்று காத்திருந்தேன். இரண்டு சின்ன இருமல் கேட்டது.

"ஆச்சு, ஆச்சு" என்றான்.